குமாய்க்குப் பதினொரு மொச்சை

நாயைத் தொடாமலே நாயின் ஆயுளைச் சொல்கிறவள் என்று ரௌஷானைப் பற்றிச் சொல்வார்கள். அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஆயுளைச் சொல்வது அவள் வேலை அல்ல. நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கும் கண்ணாடிச் சில்லில் இருப்பதைச் சொல்வதுதான் வேலை. ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்று ஒரு வகைத் தோல் புற்றின் பெயரை எழுதி அதற்குப் பக்கத்தில் தரத்தையும் எழுதிவிட்டால், படிக்கிறவர்கள் ஆயுளைத்தான் படிக்கிறார்கள். அதற்கு அவள் என்ன செய்வாள்?

வயது ஐம்பத்து மூன்று. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பதினொரு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றிக் கறியில் புழு தேடினாள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது நுண்ணோக்கியில் உட்கார்ந்து பழகிய கண்கள் மட்டும்தான் கையிருப்பாக மிஞ்சின. இப்போது அல்மாத்தியில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில், நாலா பக்கத்திலிருந்தும் வரும் நாய் பூனைகளின் கட்டிகளைப் பார்த்துச் சொல்கிறாள். பேசுவது குறைவு. கணவன் போனபிறகு இன்னும் குறைந்துவிட்டது. மகன் அஸ்தானாவிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவான். அவன் பேச்சுக்கு இவள் உம் கொட்டுவாள்.

அவள் வாயைப் பிடுங்கிப் பேசவைக்கிற ஒரே ஆள் சயாத். கல்லூரியில் ஒரே வகுப்பு. பிறந்ததும் ஒரே வருடம், ஒரே மாதம். கசாக்கியரிடையே ஒரே வயதுக்காரர்களைக் குர்தாஸ் என்பார்கள். குர்தாஸ்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு மட்டமாகக் கிண்டல் செய்தாலும் கோபிக்கக் கூடாது. கோபித்தால் கோபித்தவன்தான் ஊர் வாயில் விழுவான். கிண்டல் செய்யாமல் இருந்தால்தான் உறவில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சயாத், ஒரு மணி நேரத் தொலைவில் எசிக் ஊரில் இரண்டு அறை மருத்துவமனை வைத்திருந்தான். அவன் மாதிரிகளை எசிக் வேன் ஓட்டுநர் கொண்டுவந்து கீழ்வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். பன்னிரண்டு வருடமாக அதுதான் வழக்கம்.

ரௌஷான் எண்ணும் முறையைப் பார்த்து முதலில் சிரித்தவனும் அவன்தான். பிளவுபடும் செல்களை எண்ணும்போது அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். வலது கை சில்லை நகர்த்தும். இடது கை ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு ஒரு மொச்சையைத் தள்ளும். எண்ணும் கருவி என்றோ உடைந்து, அவசரத்துக்குச் சமையலறையிலிருந்து எடுத்துவந்த மொச்சை அது. புதுக் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். அது இழுப்பறையில் தூங்குகிறது. நாற்பத்தொரு மொச்சையைப் பரப்பிக் குறி சொல்கிறவர்கள் அந்த நாட்டில் தெருவுக்கு ஒருவர் உண்டு. சயாத் ஒரு நாள் வந்து தட்டைப் பார்த்ததிலிருந்து அவள் பெயர் குறிகாரி.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அவனிடமிருந்து நான்கு சில்லுகள் வந்தன. இரண்டு சாயம் ஏற்றியவை, இரண்டு வெறுமனே காயவைத்தவை. கூட ஒரு சீட்டு: பெண் நாய், ஏழு வயது, பின்தொடையின் உட்புறத் தோலில் கட்டி, எட்டு மாதமாக இருக்கிறது, வீங்கும், வற்றும், ஊசியால் எடுத்தது. சொந்தக்காரர் பெயர், ஏதோ ஒரு பெய்சென்.

மறுநாள் அவனே கூப்பிட்டான்.

"என்னடி குறிகாரி, மொச்சை என்ன சொல்லுது?"

"மொச்சையை எடுக்கவே விடலடா உன் சாயம். என்னத்துல முக்கின, டீயிலயா?"

"மூணு குப்பி, அஞ்சஞ்சு முக்கு. டப்பாவுல அப்படித்தான் போட்டிருக்கு."

"டப்பாவுல ரத்தத்துக்குப் போட்டிருக்கான். மாஸ்ட் செல்லோட மணி அந்த அவசரச் சாயத்துல சில நேரம் ஏறவே ஏறாது. முதல் குப்பியில நல்லா ஊறவிடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? உனக்கு மண்டையில ஆட்டுக்கொழுப்பு."

"சரிடி, வெறும் சில்லு ரெண்டு அனுப்பினேன்ல. அந்த அளவுக்கு மூளை இருக்கு."

அது உண்மை. அந்த இரண்டையும் அவள் மெதுவாக ஏறும் கீம்சா சாயத்தில் நிதானமாக ஊறவைத்துப் பார்த்திருந்தாள். நல்ல மாஸ்ட் செல் என்றால், கசகசா மூட்டையைக் கவிழ்த்ததுபோல் ஊதா மணிகள் செல்லை நிறைத்து, உள்ளே இருக்கும் கருவையே மறைத்துவிடும். அப்படி நிறைந்திருந்தால் பெரும்பாலும் சாதுவான கட்டி. இதில் மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. சாயத்தைக் குறை சொல்ல வழியில்லை. அதே சில்லில் எப்போதாவது தென்பட்ட ஒரு நல்ல செல்லில் மணிகள் பளிச்சென்று ஏறியிருந்தன. கருக்கள் அளவு ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. சில செல்களில் இரண்டு கரு.

"உயர் தரம்னுதான் படுதுடா. தரம் உசந்தா நாய்க்குத் தாழ்வு, தெரியும்ல. ஊசியில வந்தது சில்லறை செல்லுங்கதான், கட்டியோட உடம்பு தெரியாது. வெட்டி அனுப்பு, துண்டைப் பார்த்துத்தான் முடிவு சொல்லணும். சுத்தி ஓரத்தை அகலமா விட்டு எடு."

"ம்."

"ஏன்டா, எட்டு மாசமா அந்தாளு என்ன பண்ணிட்டிருந்தான்? தினம் தடவிப் பார்த்து அழகு பார்த்தானா? வீங்கி வத்துற கட்டின்னா கழுதைக்குக்கூடச் சந்தேகம் வருமே. ஒரு ஊசி குத்த அஞ்சு நிமிஷம். அந்த முட்டாளை ஒரு நாள் எங்கிட்ட கூட்டிட்டு வா, அவன் தொடையில நான் குத்துறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தான்.

"முட்டாள்தான்டி. சொல்றேன் அவன்கிட்ட" என்று வைத்துவிட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கீழ்வாசலிலிருந்து அழைப்பு வந்தது. வேன் ஓட்டுநர் என்று நினைத்து இறங்கினாள். சயாத் நின்றிருந்தான். கையில் துணியில் சுற்றிய பிளாஸ்டிக் குடுவை. சவரம் செய்யாத முகம்.

"என்னடா, வேன்காரர் உன்னை வேலைக்குச் சேர்த்துக்கிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். காரின் பின் இருக்கையில், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி, நீள மூக்கைக் கூம்பின் விளிம்பில் வைத்துக்கொண்டு குமாய் படுத்திருந்தது. சயாத் வீட்டில் வளரும், முயல் துரத்தும் ஒல்லி வேட்டை நாய். தொடை வரை மழித்து, கட்டுப் போட்டிருந்தது. பறவை முட்டையிலிருந்து பிறந்து காற்றைவிட வேகமாக ஓடுகிற நாயைக் குமாய் என்பார்கள் கதைகளில். குட்டியாக வந்த அன்றே சயாத் அந்தப் பெயரை வைத்துவிட்டு, ரௌஷானுக்குப் படம் அனுப்பி, "உன்னைவிட மூக்கு நேரா இருக்கு பாரு" என்று எழுதியிருந்தான்.

ரௌஷானுக்குச் சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

"பெய்சென்?" என்றாள்.

"நம்ம வீட்டு உயிரை நோய்ச்சீட்டுல பேர் சொல்லி எழுதக் கூடாதுடி. கண்ணு பட்டுடும், அதான் சும்மா ஒரு பேரைப் போட்டேன்." தரையைப் பார்த்துச் சொன்னான். "கொழுப்புக்கட்டின்னு நினைச்சேன். ஊரு நாய்க்கெல்லாம் ஊசி குத்துறேன். இது கால்கிட்டவே கிடக்கு, அதான் தள்ளிப்போட்டுட்டேன். நீ சொன்னது சரிதான். கழுதைக்குக்கூட வந்திருக்கும்."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு ஞாபகம் வந்தது. குர்தாஸ் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கமில்லை. கேட்டால் அது இன்னும் பெரிய அவமானம். அவள் கார்க்கதவைத் திறந்து, கூம்புக்குள் கையை விட்டுக் குமாயின் காதைத் தடவினாள். அது அவள் மணிக்கட்டை நக்கியது.

"சனிக்கிழமை எடுத்தேன்" என்றான். "பக்கவாட்டுல ரெண்டு சென்டிமீட்டர், அடியில ஒரு சவ்வோட சேர்த்து. அந்த இடத்துல இதுக்கு மேல தோலு கிடையாதுடி, இதுவே இழுத்துப் பிடிச்சுத்தான் தைச்சேன். கிட்ட இருக்கிற நிணநீர்க் கணுவுலயும் ஊசியால எடுத்தேன், சில்லைத் தனியா வச்சிருக்கேன். குடுவையில இருக்கிற ஃபார்மலின் ஆவி படக் கூடாதுன்னு நீ கத்துவியேன்னு பைகூட வேற பை."

"எப்போ சொல்லுவே?" என்று அவனே கேட்டான்.

"வியாழன்."

"நாளைக்குச் சொல்லேன்."

"துண்டு மெழுகுல ஊறணும்டா. மெழுகு உன் பேச்சையும் கேக்காது, என் பேச்சையும் கேக்காது."

அன்று கட்டித் துண்டைக் குடுவையிலிருந்து எடுத்து, ஓரங்களுக்கு மை தீட்டி, வெட்டி, கருவியில் போட்டாள். இரவெல்லாம் அது சாராயத்திலும் மெழுகிலும் ஊறியது. புதன்கிழமை வேரா பாவ்லோவ்னா மெழுகுக் கட்டியைச் சீவினாள். அறுபத்தேழு வயது ரஷ்யப் பெண்மணி. மேலே வேலை பார்க்கும் இன்னொரு நிபுணர் அவள்தான். நிணக்கணுச் சில்லை ரௌஷான் முதலில் பார்த்தாள். நாலைந்து மாஸ்ட் செல்கள், தனித்தனியாக. எந்த ஆரோக்கியமான நாயின் கணுவிலும் அந்த அளவு இருக்கும். கூட்டம் கூட்டமாக இருந்தால் பரவிவிட்டது என்று சொல்லலாம். இது எதையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை தேநீரைக்கூடத் தொடாமல் சில்லை ஏற்றினாள். முதலில் ஓரங்களைப் பார்த்தாள். மை தீட்டிய கோட்டிலிருந்து கட்டி நன்றாகத் தள்ளியிருந்தது, பக்கத்திலும் அடியிலும். சுத்தம். சயாத்தின் கை எப்போதுமே நல்ல கை. கல்லூரியில் அவன் தையலைப் பேராசிரியர் வகுப்புக்கே காட்டுவார். அவள் நெஞ்சு ஒரு கணம் லேசானது. பிறகு கட்டியின் உள்ளே போனாள்.

அங்கே ஒழுங்கு இல்லை. பக்கத்துக் கருவைப்போல் இரண்டு மடங்கு பெரிய கருக்கள், பத்தில் ஒன்றுக்கு மேல். நுண்ணோக்கி காட்டும் ஒரு பார்வை வட்டத்தில் மூன்று கரு உள்ள செல். இன்னொன்றில் கரு மடங்கி, பிதுங்கி, எந்த வடிவம் என்று சொல்ல முடியாமல். உயர் தரம் என்று எழுத இவற்றில் ஒன்றே போதும். ஆனாலும் அவள் பழக்கத்தை விடவில்லை. தட்டுகளை எடுத்து வைத்தாள். கட்டியில் அதிகம் பிளவுபடும் இடத்தைத் தேடி, அங்கிருந்து பத்து வட்டம். ஏழு வந்தால் உயர் தரம். அதுதான் கோடு.

முதல் வட்டத்திலேயே இரண்டு மொச்சை போனது. மூன்றாவது வட்டத்தில் ஒன்று. ஐந்தாவதில் நான்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம், இன்னும் ஐந்து வட்டம் மிச்சம் இருந்தன. முடிக்கும்போது இடது தட்டில் பதினொரு மொச்சை.

அவள் சில்லைக் கட்டியின் விளிம்புக்கு நகர்த்தினாள். அங்கே அமைதியாக இருந்தது. பத்து வட்டம் எண்ணினாள். மூன்று. எந்த இடத்தில் எண்ணுவது என்பதை எண்ணுகிறவளே தேர்ந்தெடுக்கிறாள். அந்த நேரத்தில் அந்த அறையில் அவளைத் தவிர யாருமில்லை. மூன்று என்று எழுதினால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அடங்கிக் கிடக்கும் இடம் நாயைக் கொல்வதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் அந்தப் பிதுங்கிய கரு தெரிந்தது.

சில்லின் பெயரை ஒட்டுக்காகிதத்தால் மறைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

"வேரா பாவ்லோவ்னா, இதை ஒரு தடவை எண்ணித் தாங்களேன். என்ன ஏதுன்னு கேக்காதீங்க."

வேரா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரம். ரௌஷான் ஜன்னலோரம் நின்று, கீழே ஆப்பிள் விற்கிறவன் பெட்டி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். அவள் கண்ணுக்குப் பிளவு என்று பட்டது வேராவின் கண்ணுக்குச் செத்த கருவாகப் படலாம். பதினொன்று, ஆறாகக் குறையவும் இடமுண்டு.

"ஒன்பது" என்றாள் வேரா. "ஒரு ரெண்டுல எனக்குச் சந்தேகம், விட்டுட்டேன். ஆனா பதினைஞ்சா இருந்தா என்ன, ஒன்பதா இருந்தா என்ன, இந்தக் கருவுங்களைப் பார்த்தியா? இது நல்ல சாதி இல்லம்மா." ஒட்டுக்காகிதத்தைப் பார்த்தாள். "யாரோட நாய்?"

"தெரிஞ்சவங்களோடது."

வேரா மேலே கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கசகசா ரொட்டியை எடுத்து ரௌஷானின் கையில் வைத்தாள். ரௌஷான் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அவனை எப்படிக் கூப்பிடுவது? முப்பத்தைந்து வருடமாக அவனிடம் கிண்டல் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை. 'முட்டாளே, தைச்சது மட்டும் நல்லாத் தைச்சிருக்க' என்று தொடங்கலாம் என்று நினைத்தாள். மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம். ஆய்வுக்கூடத்துலேர்ந்து ரௌஷான் பேசறேன். முடிவு வந்துருச்சு. நீங்க இப்ப பேச முடியுமா?"

அவள் வாயிலிருந்து அதுதான் வந்தது. முடிவு கேட்கும் எல்லா அந்நியரிடமும் பேசுகிற குரல். சொன்னபிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

அவன் பின்னால் ஒரு பூனை கத்தியது. யாரோ அதை அதட்டினார்கள்.

"நீங்களா?" என்றான் சயாத் மெல்ல. "நான் உனக்கு நீங்களாயிட்டேனாடி?"

அவள் கையிலிருந்த ரொட்டியை அழுத்திப் பிடித்தாள்.

"அப்ப சரி. மொச்சை எத்தனை?"

"பதினொண்ணு. வேரா ஒன்பதுன்னாங்க."

"நாற்பத்தொண்ணுல பதினொண்ணுதானே. நிறைய மிச்சமிருக்கு போ." சிரிக்கப் பார்த்தான். "ஓரம்?"

"சுத்தம்டா. ரெண்டு பக்கமும், அடியிலயும். உன்னைவிட நல்லா யாரும் வெட்டியிருக்க முடியாது."

"ஓரம் சுத்தம்னா..."

"கட்டி திரும்ப அதே இடத்துல வராம இருக்கும்ங்கிறதுக்குத்தான் ஓரம். இது வேற எங்கயாவது முளைக்கிற சாதி. நீயே இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்க."

"சொல்லியிருக்கேன். சொல்லும்போது என் நாய் இல்லையே." மூச்சு விட்டான். "எவ்வளவு நாள்?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"புத்தகம் சொல்லுமே."

"இந்தத் தரத்துல பாதி நாய்ங்க நாலு மாசத்தைத் தாண்டலன்னு புத்தகம் சொல்லுது. வின்பிளாஸ்டின் ஊசியும் பிரட்னிசலோன் மாத்திரையும் குடுத்தா சிலது வருஷத்தையும் தாண்டுது. எல்லாம் கூட்டத்தோட கணக்குடா. கூட்டத்துல குமாய் எங்க நிக்குதுன்னு எந்தச் சில்லுலயும் எழுதல."

"எட்டு மாசம் முன்னாடியே குத்தியிருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அப்போது அந்தக் கட்டி எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தொடக்கத்திலேயே இதே கருக்கள் இருந்திருக்கலாம். சாதுவாக இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அன்றைய சின்ன வெட்டோடு முடிந்திருக்கும். எடுக்காத மாதிரிக்கு நுண்ணோக்கி இல்லை. ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்ல நினைத்தாள். அவனுக்கும் அதே படிப்பு, பொய் நிற்காது.

"தெரியாது" என்றாள்.

"நீ அன்னிக்குச் சொன்னியே, அவன் தொடையில குத்துறேன்னு."

"சயாத்..."

"வந்து குத்துடி. ஒரு நாள் வந்து குத்திட்டுப் போ. நீ இப்படி மரியாதையாப் பேசினா என்னால தாங்க முடியல."

அவள் முயன்றாள். வாயில் எத்தனையோ சொல் வந்தது: ஆட்டுக்கொழுப்பு, கழுதை, வேன்காரன். ஒன்றும் வெளியே வரவில்லை. கையிலிருந்த ரொட்டியிலிருந்து கசகசா மேசையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஊசி என்னிக்குத் தொடங்குற?" என்று மட்டும் கேட்டாள்.

"தையல் ஆறட்டும். அடுத்த வாரம் ரத்தம் பார்த்துட்டு." கொஞ்சம் பொறுத்து, "அக்டோபர்ல முயல் வேட்டை திறக்குறாங்க. ஓடலாமா அது?" என்றான்.

"தையல் பிரிச்சப்புறம் ஓடட்டும். ஓடுறதால எதுவும் கெடாது."

"ஒரு காரியம் பண்ணு. அறிக்கையை இன்னிக்கே அனுப்பு. ஆய்ஜானுக்குப் படிச்சுக் காட்டணும். அவ குழந்தை மாதிரி வளர்த்தா." ஆய்ஜான் அவன் மனைவி. "எனக்கு எதையும் மாத்தி எழுத வேணாம். ஆனா ஓரத்தை முதல்ல போடு. தரத்தைக் கீழ போடு. அவ முதல் வரியைக் கேட்டு ஒரு மூச்சாவது விடட்டும்."

ஆய்வுக்கூட அறிக்கைக்கு ஒரு நிரந்தர வரிசை உண்டு. தரம் முதலில், பிளவு எண்ணிக்கை அடுத்து, ஓரம் கடைசியில். பன்னிரண்டு வருடமாக அவள் அதை மாற்றியதில்லை. தரத்தை மருத்துவர்கள் தவறவிடக் கூடாது என்று அந்த வரிசையைப் போட்டவளே அவள்தான்.

அன்று மதியம் சொந்தக்காரர் என்ற இடத்தில் பெய்சென் என்றே எழுதினாள். கீழே, வெட்டப்பட்ட ஓரங்கள் எல்லாப் பக்கமும் கட்டியற்றவை என்று முதல் வரி. பிறகு ஒரு வரி இடம் விட்டாள். பிறகு மாஸ்ட் செல் கட்டி, தோல், உயர் தரம், பத்து வட்டத்தில் பிளவுகள் பதினொன்று. கையெழுத்துப் போடும் முன் வேரா எட்டிப் பார்த்தாள்.

"வரிசை மாறியிருக்கே."

"ஆமா" என்றாள் ரௌஷான். "அது ஒண்ணுதான் என் கையில இருந்தது."

அறிக்கையை அனுப்பிவிட்டு, மேசையில் சிந்தியிருந்த கசகசாவை உள்ளங்கையால் கூட்டி எடுத்தாள். கோக்ஷெதா ஊரிலிருந்து வந்த பூனையின் சில்லு காத்திருந்தது. அதை ஏற்றினாள்.